'சாய்வு நீக்கம்' அல்ல, 'கோட்டம் எடுத்தல்'

ஸ்கேன் மென்பொருள் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தில், கோணலாக ஸ்கேன் ஆன பக்கத்தை நேராக்குவதைக் குறிக்கும் 'டீஸ்க்யூ' என்ற சொல்லுக்கு மறுபடியும் 'சாய்வு நீக்கம்' என்று போட்டிருக்கிறார்கள். பலமுறை பார்த்துப் பொறுத்தாயிற்று. இந்தச் சொல்லால் எங்கள் வேலையே ஒருமுறை கெட்டது என்பதால் எழுதுகிறேன்.

பழைய மழை அளவு அட்டவணைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நாள்கள் 31 வரிசைகளாகவும் மாதங்கள் 12 நெடுவரிசைகளாகவும் இருந்தன. ஏற்றி முடித்ததும் ஒரு பக்கத்தில் நவம்பர் 31ஆம் தேதி மழை பெய்திருந்தது! தாள் ஏறக்குறைய ஒரு பாகை வலஞ்சுழியாகத் திரும்பி ஸ்கேன் ஆகியிருந்ததுதான் காரணம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில், தேதிப் பத்தியிலிருந்து நவம்பர் பத்தி ஏறத்தாழ 2000 புள்ளி தள்ளி இருந்தது. ஒரு பாகைக்கு அங்கே 35 புள்ளி இறங்கிவிடும். வரிசையின் உயரமோ 50 புள்ளி. பாதி உயரத்தைத் தாண்டினாலே போதும், 31ஆம் தேதிக்கு நேராக 30ஆம் தேதியின் எண் வந்து உட்கார்ந்துவிடும். பத்தி முழுவதும் ஒரே அளவாக நகர்வதால் மாதக் கூட்டுத்தொகை அநேகமாக மாறாது. கூட்டிப் பார்ப்பவருக்குப் பிழை தெரியாது. காலியாக இருக்க வேண்டிய அந்த ஒரு கட்டம்தான் காட்டிக்கொடுத்தது.

'ஸ்க்யூ' என்பது வடபகுதிப் பழைய பிரெஞ்சில் 'ஒதுங்கு, விலகு' என்ற பொருள் தந்த வினையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. 'டீ' இலத்தீன் முன்னொட்டு, நீக்குதலைக் குறிக்கும். இந்த வரலாறு இவ்வளவு போதும்.

'சாய்வு நீக்கம்' ஏன் ஆகாது? அச்சுத் தமிழில் 'சாய்வு' ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. சாய்வெழுத்து என்றால் தலை வலப்பக்கம் சரிந்த எழுத்து. படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருளான எழுத்துணரியில் அதை நிமிர்த்துவதும் தனி வேலைதான். அதற்கு ஒவ்வொரு புள்ளி வரியையும் பக்கவாட்டில் மட்டும் நகர்த்துவார்கள். எந்தப் புள்ளியும் மேலேறாது, கீழிறங்காது. ஆகவே எழுத்து நிமிர்ந்தாலும் வரிசை கோணலாகவே கிடக்கும். எங்களுடன் வேலை பார்த்த தம்பி கையேட்டை நம்பி இதைத்தான் செய்திருந்தார். எண்களெல்லாம் நேராக நின்றன, நவம்பர் 31ஆம் தேதி மழையும் அப்படியே இருந்தது. பிழை அவருடையது அல்ல. இரண்டு வேலைகளுக்கு ஒரே பெயர் வைத்தவருடையது.

'கோட்டம் எடுத்தல்' என்பது நான் உருவாக்கிய சொல் அல்ல. சைக்கிள் கடையில் கேட்டிருப்பீர்கள். சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கி ஓடினால் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்துத் தருவார்கள். வளைந்ததுதானே கோட்டம், தாள் வளையவில்லையே என்று ஒரு நண்பர் மறுத்தார். 'சமன்செய்து சீர்தூக்கும்' தராசுக்கோல் போல ஒருபக்கம் சாயாமல் இருப்பதைக் 'கோடாமை' என்றுதான் குறள் சொல்கிறது. கோட்டமும் அதே 'கோடு' என்ற வினையிலிருந்து வந்ததுதான். அந்தக் கோல் நேரானதுதான், கோடும்போது கிடைமட்டத்திலிருந்து விலகுகிறது, அவ்வளவே. கோட்டம் என்றால் கோயிலும் ஆகுமே என்றார். 'எடுத்தல்' சேர்ந்தபின் அந்த மயக்கத்துக்கு இடமில்லை.

சிலர் 'சுழற்றுதல்' என்றும் எழுதுகிறார்கள். அது 90 அல்லது 180 பாகை திரும்பிய பக்கத்துக்குப் பொருந்தும். அந்தத் திருப்பத்தை முதலில் சரிசெய்துவிட்டு, மிச்சமிருக்கும் சிறு கோட்டத்தை அதன்பின் எடுக்க வேண்டும். பக்கத்தைக் கழித்தல் 3 பாகை முதல் கூட்டல் 3 பாகை வரை 0.1 பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு கிடைவரியிலும் எத்தனை கரும்புள்ளி என்று எண்ணுவது நல்ல வழி. சரியான கோணத்தில் எழுத்து வரிகளில் எண்ணிக்கை உச்சத்துக்கு ஏறும், இடைவெளிகளில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும். இந்த ஏற்ற இறக்கம் எங்கே மிகக் கூர்மையோ அதுவே நாம் தேடும் கோணம். அட்டவணையின் வரிசைகளைப் பிரிப்பது அதற்குப் பிறகுதான்.

'வளைவு நீக்கம்' என்ற சொல்லையும் இதற்குச் செலவழித்துவிடாதீர்கள். தடித்த பதிவேட்டின் முதுகோரம் தாள் வளைந்து வரிகள் வில்லாகிவிடும். அதற்குத்தான் அந்தப் பெயர் வேண்டும். அட்டவணையின் ஒரே கிடைக்கோட்டை இடப்பாதியிலும் வலப்பாதியிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டிலும் கோணம் ஒன்றானால் கோட்டம் எடுக்கலாம். வேறுபட்டால், எத்தனை பாகை திருப்பினாலும் ஒரு பாதி நேராகும்போது மறுபாதி கோணும்.