நிகழ்தகவு ‘உற்பத்தி’ ஆகிறதா?

போன வாரம் ஒரு பாடக்குறிப்பைத் திருத்தித் தரச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் probability generating function என்பதற்கு முதல் வரியிலேயே ‘நிகழ்தகவு உற்பத்திச் சார்பு’ என்று போட்டிருந்தது. இது எனக்கு நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. இனியும் பேசாமல் இருந்தால் இதுவே நிலைத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

சொல்லின் வரலாறு சின்னதுதான். லாப்லாஸ் 1812-இல் வெளியிட்ட நிகழ்தகவு நூலில் இதைப் பிரெஞ்சில் ‘ஃபோன்க்ஸியோன் ஜெனரத்ரிஸ்’ என்கிறார். அடியில் இருப்பது பிறப்பு, பிறப்பித்தல் என்ற பொருளுடைய லத்தீன் வேர். அவருக்கு முன்பே தெ முவாவ்ர் பகடைகளின் கூட்டுத்தொகைக்கு இந்த உத்தியைக் கையாண்டிருக்கிறார்.

சரி, ‘உற்பத்தி’யில் என்ன கோளாறு? வடசொல் என்பதல்ல என் சண்டை, அந்தச் சொல்லிலும் பிறத்தல் என்ற பொருள் உண்டு. ஆனால் ‘உற்பத்திச் சார்பு’ என்பதைப் பொருளியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். உழைப்பும் மூலதனமும் போட்டால் எவ்வளவு பண்டம் வரும் என்று சொல்கிற சார்பு அது. இரண்டு பாடமும் படிக்கிற மாணவர் எதை எதோடு குழப்புவார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய குறை, இந்தச் சார்பு எதையும் புதிதாகச் செய்து தருவதில்லை. நிகழ்தகவுகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றை s என்ற ஒரு குறியின் அடுக்குகளில் வரிசையாக மாட்டி வைக்கிறோம், அவ்வளவுதான்.

‘நிகழ்தகவு உருவாக்கும் சார்பு’ என்பாரும் உண்டு. இது பரவாயில்லை, ஆனால் ‘அம்மா வளர்க்கும் பிள்ளை’ என்றால் வளர்ப்பது அம்மா. அதே வாய்பாட்டில் படித்தால் நிகழ்தகவுதான் சார்பை உருவாக்குகிறது! ஓர் ‘ஐ’ போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். என் தேர்வு ‘நிகழ்தகவுப் பிறப்பாக்கிச் சார்பு’. மின்பிறப்பாக்கி என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது உறுத்தாது, சுருக்கமாகப் ‘பிறப்பாக்கி’ என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருவோம். 0, 1, 2 என்று எண்ணி வருகிற மாறி X என்றால் அதன் பிறப்பாக்கி G(s) = E(s^X), இதில் E என்பது சராசரி. s^k-இன் கெழு என்னவோ, அதுதான் X = k ஆவதற்கான நிகழ்தகவு. s-இன் மதிப்பு என்ன என்று கேட்காதீர்கள், அது வெறும் கொக்கி. மெய்ப்பு பார்ப்பவன் என்பதால் பிழைகளையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கத்தில் 0, 1, 2 பிழைகள் இருக்க நிகழ்தகவு முறையே 1/4, 1/2, 1/4. வேறொருவர் அச்சுக்கோத்த இன்னொரு பக்கத்தில் 0, 1, 3 பிழைகள் இருக்க 1/2, 1/3, 1/6. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எத்தனை பிழை?

G_X(s) = (1 + 2s + s²)/4
G_Y(s) = (3 + 2s + s³)/6

மாறிகளைக் கூட்டும்போது பிறப்பாக்கிகளைப் பெருக்க வேண்டும், ஏனென்றால் s^(X+Y) = s^X · s^Y, அடுக்குகள் தாமே கூடிக்கொள்கின்றன. நான் சொன்ன பாடக்குறிப்பில் ‘சார்புகளைக் கூட்டுக’ என்றிருந்தது. கூட்டினால் s = 1-இல் விடை 2 வரும், நிகழ்தகவுகளின் மொத்தம் 2 ஆகுமா? பெருக்கினால்:

G(s) = (3 + 8s + 7s² + 3s³ + 2s⁴ + s⁵)/24

s²-ஐ மட்டும் கிட்டப்போய்ப் பாருங்கள். 2s × 2s-இல் நான்கு, அதாவது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிழை. s² × 3-இல் மூன்று, அதாவது இரண்டும் முதல் பக்கத்தில். முதல் பக்கத்தில் பிழையே இல்லாமல் இரண்டாவதில் இரண்டு என்பது நடக்காது, Y-க்கு 2 என்ற மதிப்பே இல்லை. ஆக 7/24. அடைப்புக்குள் இருக்கும் கெழுக்களைக் கூட்டினால் 24, அதாவது நிகழ்தகவுகளின் மொத்தம் 1. s = 1-இல் வகைக்கெழு 44/24 = 11/6, அதுவே சராசரி. தனித்தனிச் சராசரிகளான 1-உம் 5/6-உம் சேர்ந்தாலும் அதே 11/6.

அப்புறம் இன்னொரு எரிச்சல். அதே குறிப்பில் ‘சார்பற்ற மாறிகளின் சார்பு’ என்றொரு தொடர். சார்பு இல்லாததற்கு ஏது சார்பு? ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் இப்படித்தான். ‘சாரா மாறிகள்’ என்ற நல்ல வழக்கு பாடநூல்களிலேயே இருக்கிறதே. இதை அழுத்திச் சொல்லக் காரணம், E(s^X · s^Y)-ஐ இரண்டு சராசரிகளின் பெருக்கலாகப் பிரிக்கும் உரிமையே மாறிகள் ஒன்றையொன்று சாராமல் இருப்பதால்தான் கிடைக்கிறது. முதல் பக்கத்தையே நகலெடுத்து இரண்டாவதாக வைத்தால் Y = X, மொத்தப் பிழை 2X, பிறப்பாக்கி G_X(s²) = (1 + 2s² + s⁴)/4. யோசிக்காமல் G_X-ஐ அதனாலேயே பெருக்கியவருக்கு (1 + 4s + 6s² + 4s³ + s⁴)/16 கிடைக்கும். கெழுக்களின் மொத்தம் ஒன்று, சராசரியும் 2, எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஆனால் s-இன் கெழு 4/16. நகலெடுத்த இரண்டு பக்கத்தில் மொத்தம் ஒரே ஒரு பிழை எப்படி இருக்கும்?