நடுக் கட்டத்துக்கு எண் போடாத கான்பான் பலகை

வைட்ஃபீல்டு பக்கம் இன்னொரு அலுவலகம், நாலு பேர் கொண்ட இன்னொரு அட்மின் டீம். சுவரில் பெரிய ஒயிட்போர்டு, அதில் மூன்று கட்டங்கள்: செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது. ஒரு வேலைக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டி, வேலை நகர நகரச் சீட்டையும் கட்டம் கட்டமாக நகர்த்துகிற முறை, பெயர் கான்பான். நடுக் கட்டத்தில் மஞ்சள் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஃபேன் போட்டால் பாதி உதிர்ந்துவிடும் போல இருந்தன. எண்ணினேன், 40. "கான்பான் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு மேடம், ஒண்ணும் மாறலையே" என்கிறார் டீம் லீட். எப்படி மாறும்? கான்பானில் முக்கியமானதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்திருக்கிறார்கள். பெங்களூரில் நான் போகிற ஆபீஸ்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

விட்டது வரம்பு. அதாவது 'நடக்கிறது' என்ற கட்டத்தின் தலையில் எழுத வேண்டிய ஓர் எண். இந்தக் கட்டத்தில் ஒரே சமயத்தில் இத்தனை சீட்டுதான் இருக்கலாம், ஒன்று வெளியே போனால்தான் இன்னொன்று உள்ளே வரும் என்கிற கட்டுப்பாடு. டொயோட்டா கார் ஆலையில் பொறியாளர் டாயிச்சி ஓனோ கான்பானைக் கொண்டுவந்தபோதே, சீட்டுக்குப் பதில் அங்கே இருந்த அட்டையின் வேலை அதுதான்: அடுத்த பிரிவு பாகங்களை எடுத்துப் பயன்படுத்தி, அட்டை திரும்பி வந்தால்தான் முந்தைய பிரிவு மேற்கொண்டு செய்யலாம். அட்டை வரவில்லையா, கையைக் கட்டிக்கொண்டு நில். நாம் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு 'நில்' என்பதை விட்டுவிட்டோம்.

இதைச் சொன்னதும் எல்லா இடத்திலும் வருகிற பதில்: "அட்மின் வேலைக்கு எப்படி மேடம் லிமிட் போடறது? கேக்கறவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல முடியுமா?" ஐயா, யாரிடமும் முடியாது என்று சொல்லச் சொல்லவில்லை. யார் எதைக் கேட்டாலும் வாங்கி முதல் கட்டத்தில் ஒட்டுங்கள், அங்கே வரம்பே வேண்டாம். வரம்பு, நீங்கள் *தொடங்குவதற்கு* மட்டும். வேலையை வாங்கிக்கொள்வது வேறு, தொடங்குவது வேறு. ஃபோன் வந்ததும் "ஆயித்து சார்" என்று சொல்லிவிட்டுப் பாதி செய்து வைப்பதைச் சேவை என்று நினைக்கிறோம். கேட்டவருக்குப் பாதி ஐடி கார்டு எதற்கு?

"வரிசையில் காத்திருந்தாலும் காத்திருப்புதானே?" என்பார்கள். காத்திருப்புதான். வரம்பு போட்ட அன்றே வேலை மாயமாகக் குறைந்துவிடாது. ஆனால் தொடங்காத வேலையை ரத்து செய்யலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இதே ஆபீஸில் 12 நாற்காலிகள் கேட்டு ஒரு சீட்டு. மூன்று வெண்டரிடம் கோட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுத் தாள் போட்டு, பாதியில் நின்றுகிடந்தபோது கேட்டவர்களே வேறு தளத்துக்கு மாறிவிட்டார்கள், நாற்காலி வேண்டாம். அதே வாரம் 20 நிமிட வேலையான ஐடி கார்டு ஒன்று அடியில் கிடந்தது, புதிதாகச் சேர்ந்த பையன் தினமும் வாசலில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்துகொண்டிருந்தான்.

கணக்கு வேண்டுமென்றால் 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி ஒன்று உண்டு: கையிலிருக்கும் வேலைகளை, ஒரு நாளைக்கு முடிகிற எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்று தெரியும். 40 சீட்டு, தினமும் 5 முடிகிறது, அப்படியானால் 8 வேலை நாள். சராசரிதான், ஓரளவு சீராக ஓடுகிற டீமுக்குத்தான் பொருந்தும். ஆனாலும் "ஏன் எல்லாமே ஒன்றரை வாரம் ஆகுது?" என்று முழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது போதும்.

சரி, என்ன செய்தோம்? முதலில் புதிதாக எதையும் தொடங்குவதை நிறுத்திவிட்டு, 40 சீட்டையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து "அடுத்து யார் என்ன செய்யணும்?" என்று கேட்டோம். 11 மட்டும்தான் நிஜமாக நடந்துகொண்டிருந்தது. 10 சீட்டைத் தொடங்கியதாகச் சொன்னவரே மறந்துவிட்டார், அவை முதல் கட்டத்துக்குத் திரும்பின. மிச்சம் 19 வேறு யாருக்காகவோ காத்திருந்தன. அதற்கென்று 'பிறரிடம்' என்று தனிக் கட்டம் போட்டு, ஒவ்வொரு சீட்டிலும் யாரிடம் நிற்கிறது, அடுத்த ஃபாலோ-அப் என்றைக்கு என்று எழுதவைத்தோம். தேதி எழுதாத சீட்டு அங்கே போகக்கூடாது.

'நடக்கிறது' கட்டத்துக்கு வரம்பு 10, ஆளுக்கு இரண்டு, மேலே இரண்டு. 'பிறரிடம்' கட்டத்துக்கும் 12 என்று போட்டோம், இதற்குத்தான் சண்டை வந்தது. "அவங்க அப்ரூவ் பண்ணலைன்னா நாங்க என்ன பண்ண முடியும்?" ஃபோன் பண்ண முடியும், நேரில் போய் நிற்க முடியும். அந்தக் கட்டத்துக்கு வரம்பில்லை என்றால் பழைய குப்பை அப்படியே அங்கே இடம் மாறும், அவ்வளவுதான். 19-ஐ 12-க்கு இறக்கும்வரை யாரும் புதிதாகத் தொடங்கக்கூடாது என்றதும்தான் சீட்டுகளைச் சரியாகப் படித்தார்கள். அதில் 9, ஒரே ஃபைனான்ஸ் மேலாளரின் அப்ரூவலுக்கு நின்றன. தனித்தனியாக ஒன்பது மெயில் போயிருந்தது, அவருக்கே ஒன்பது என்று தெரியாது! தினமும் மூன்று மணிக்குப் பதினைந்து நிமிடம், எல்லா பில்லும் ஒரே தட்டில் என்று அவரிடம் பேசி முடித்தார்கள். தேங்கியிருந்த அப்ரூவல்கள் இரண்டே நாளில் கரைந்தன. இரண்டு கட்டமும் நிரம்பியே இருந்தால்கூட இப்போது 22 சீட்டு, அதே ஐந்து வேகத்தில் சுமார் நாலரை நாள்.

அவசரத்துக்கு மேலே ஒரு தனி வரி வையுங்கள், அதில் ஒரே ஒரு சீட்டுக்குத்தான் இடம். இரண்டாவது அவசரம் வந்தால் எது முதலில் என்று டீம் லீட் முடிவு செய்யட்டும், உரக்கக் கத்துகிறவர் முடிவு செய்யக்கூடாது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிப்பது போன்ற தேதி வேலைகள் அவசரம் அல்ல. சீட்டில் கெடு தேதியோடு 'இந்தத் தேதியில் தொடங்கு' என்றும் எழுதினால் அவை ஒருபோதும் அவசரம் ஆகாது. பேனா கொடுப்பது, கூரியரில் கையெழுத்து வாங்குவது மாதிரி ஐந்து நிமிட வேலைக்குச் சீட்டு எழுதாதீர்கள். சம்பளம், மருத்துவ விவரம் எதுவும் பலகையில் வேண்டாம், விசிட்டர் கண்ணில் படும். மென்பொருள் வாங்கினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஜிராவில் வரம்பு தாண்டினால் கட்டம் சிவப்பாகும், யார் கையையும் அது பிடிக்காது.

மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். யார் எத்தனை சீட்டு முடித்தார் என்று எண்ணி அப்ரைசலில் போடாதீர்கள். போட்ட மறுவாரமே ஒரு டிராவல் புக்கிங் மூன்று சீட்டாகும்: டிக்கெட் ஒன்று, ஹோட்டல் ஒன்று, டாக்ஸி ஒன்று. நான் பார்த்திருக்கிறேன், திட்டவும் முடியவில்லை, அவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள்.

காலையில் பலகை முன் நிற்கும்போது வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். முடிவுக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் தள்ளிவிட வேண்டும், புதிய சீட்டுகளை அப்புறம் பார்க்கலாம். நகராத சீட்டில் தினமும் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். ஐந்து புள்ளி விழுந்த சீட்டைப் பற்றித்தான் அன்றைய பேச்சு. "நீ என்ன பண்ணிட்டிருக்கே?" என்று ஆளாளுக்குக் கேட்காதீர்கள், "இந்தச் சீட்டு ஏன் நிக்குது, நம்மில் யார் போய்க் கேக்கறது?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, உட்காராமல் இருந்தால்.