வண்ணப் பிரிப்பு: துணிப்பை அச்சில் ஒரு சொல்

திரை அச்சுக்கூடங்களில் 'செபரேஷன் போட்டாச்சா?' என்று கேட்பார்கள். ஒரு படத்தில் உள்ள நிறங்களைத் தனித்தனித் தாள்களாக்கிவிட்டாயா என்பது அதன் பொருள். ஒரு மைக்கு ஒளி புகும் ஒரு தாள், ஒரு தாளுக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியாலான ஒரு திரை. எந்த நிறத்துக்கான தாளாக இருந்தாலும் அதில் உருவம் ஒளி புகாத கறுப்பில்தான் இருக்கும். தாளைத் திரையோடு சேர்த்து வெளிச்சம் காட்டும்போது, திரையில் பூசிய ஒளியுணர் பூச்சு வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகும், கறுப்பு மறைத்த இடத்தில் தண்ணீரில் கரைந்து வழிவிடும். அந்த வழியாகத்தான் மை துணியில் இறங்குகிறது.

செபரேஷன் என்பதன் வேர் இலத்தீனின் 'செபராரே', அதாவது தனியாகப் பிரித்து வைத்தல். தமிழில் சிலர் இதை 'நிறப்பிரிகை' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. முப்பட்டகத்தில் ஒளி தானாகப் பிரிவதற்கு இயற்பியல் பாடநூல்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன, பிரிகை தன்வினை. இங்கே ஓவியர் முடிவெடுத்துப் பிரிக்கிறார். ஆகவே பிறவினையிலிருந்து வரும் 'வண்ணப் பிரிப்பு' என்பதே சரி.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அந்த மஞ்சள் பையையே எடுத்துக்கொள்வோம். அதில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கிளி: பச்சை உடல், சிவப்பு மூக்கு. இரண்டே மை, இரண்டே தாள். கண்ணைச் சுற்றிய வளையத்தை அச்சிடாமல் விட்டால் துணியின் மஞ்சளே மூன்றாவது நிறமாகிறது. ஆனால் அந்த மஞ்சள் மற்ற மைகளிலும் கை வைக்கும். துணிக்குப் பயன்படும் நீர் கலந்த மைகள் பெரும்பாலும் சற்றே ஒளி ஊடுருவக்கூடியவை. நீலத்தை அடித்தால் பச்சை சாயும். சிவப்பு கொஞ்சம் செம்மஞ்சளாகும். அதனால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் பிரிப்பு வேலையின் பகுதிதான்.

சிக்கல் மூக்கும் தலையும் சேரும் இடத்தில் வருகிறது. இரண்டு தாள்களும் ஒரே கோட்டில் அமர்வதை அச்சகங்களில் 'ரெஜிஸ்டர்' என்பார்கள். ஏட்டில் பதிவதைக் குறித்த அந்தச் சொல், தாளின் முன்பக்க வரிகளும் பின்பக்க வரிகளும் ஒத்து அமைவதைக் குறிக்க 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில அச்சுத் தொழிலில் வழங்கியது. அகராதியைப் பார்த்துப் 'பதிவு' என்று பெயர்த்தால் சார்பதிவாளர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். 'வண்ணப் பொருத்தம்' என்றாலோ புடவைக்கு ரவிக்கை எடுப்பதுபோல் ஆகிவிடும். 'அச்சுப் பொருத்தம்' என்று சொன்னால் குழப்பமில்லை. அது தவறுவது 'விலகல்'.

தைத்த பையில் கையால் அச்சிடும்போது 1 மில்லிமீட்டர் விலகலை எதிர்பார்த்தே வரைய வேண்டும். மூக்கும் தலையும் ஒட்டியிருக்கும்படி வரைந்தால், விலகும்போது ஒரு பக்கம் மஞ்சள் கீற்று தெரியும், மறுபக்கம் சிவப்பு பச்சையின் மேல் ஏறிப் பழுப்புக் கறையாகும். அடர்ந்த மை கடைசியில் வருமானால் அதை வெளிர் மையின் மேல் சற்று ஏற்றி மறைக்கலாம். பச்சையும் சிவப்பும் அப்படி ஒன்றையொன்று மறைப்பதில்லை. எனவே இரண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே துணியை விட வேண்டும். இதை நான் 'விடுவெளி' என்பேன். வெறும் இடைவெளி தற்செயலாகவும் விழலாம். விடுவெளி ஒருவர் விட்டது.

அதன் அகலம் 1 மில்லிமீட்டர் என்றால் அதே அளவு விலகலில் ஒரு பக்கம் முழுவதும் மூடிக்கொள்ளும். 3 வைத்தால், விலகிய பின்னும் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 நிற்கும். பார்ப்பவருக்குப் பிழையாகத் தெரியாது. இறகுகளுக்கு நடுவிலும் அதே 3 மில்லிமீட்டரை விட்டு வரைவது நல்லது. அவை பச்சைத் தாளுக்குள்ளேயே இருப்பதால் ஒருபோதும் விலகாது. கண் அவற்றைப் பார்த்துப் பழகி, மூக்கருகே உள்ள வெளியையும் படத்தின் பாணியாகவே ஏற்றுக்கொள்ளும்.

விலகலின் காரணத்தை அறிய நான்கைந்து பைகளை அடுத்தடுத்து விரித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகியிருந்தால் திரையோ தாளோ தவறி அமர்ந்திருக்கிறது. தாள்களில் ஒரே இடத்தில் இட்ட பொருத்தக் குறிகளை மீண்டும் சேர்த்துப் பூட்ட வேண்டும். பைக்குப் பை திசை மாறினால் பையை மேசையில் வைப்பதில் குறை. தையல் விளிம்பு மேடாக இருப்பதால் பை நகரும். உள்ளே அட்டை செருகி, மேசையில் மெல்லிய பசை தடவி அழுத்த வேண்டும். நடுவில் பொருந்தி ஓரங்களில் மட்டும் விலகினால், முதல் மையை உலர்த்தியபோது துணி சுருங்கியிருக்கலாம், அல்லது திரைத் துணி தளர்ந்திருக்கலாம். அப்போது குறிகளை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை.