ஸ்போர்ட் ஃபில்டர் மாட்டியதும் பவர் குறைந்ததா? த்ராட்டில் பாடியை விட்டுவிடுங்கள்

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் இழுக்கவில்லை, டேஷ்போர்டில் பவர் குறைப்பு விளக்கு எரிகிறது என்று வந்து, நேராக, இன்ஜினுக்குக் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடிக்கு விலை கேட்கிறார்கள். பானெட்டைத் திறந்தால் பளபளவென்று கோன் வடிவத்தில் ஒரு ஸ்போர்ட் ஃபில்டர். இந்த மாதத்தில் எத்தனையாவது கார் என்று எண்ணுவதையே விட்டாச்சு.

"ஓட ஓட கம்ப்யூட்டர் பழகிக்கும்" என்று ஃபில்டர் விற்றவர் சொன்னாராம். கம்ப்யூட்டர் பழகத்தான் செய்யும், ஆனால் சென்சார் சொல்லும் கணக்கை நம்பித்தான் பழகும். ஏர்ஃப்ளோ சென்சாரில் சூடான மெல்லிய கம்பியோ படலமோ இருக்கும். காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் காற்றின் அளவு தெரிகிறது. ஃபில்டரில் தாராளமாக அடித்த எண்ணெய் அதன்மேல் படிந்தால், உள்ளே போகும் காற்று குறைவாகப் பதிவாகும். பைப்பை மாற்றினாலும் இதே கதைதான். சென்சார் இருந்த 60 மி.மீ. பைப்புக்குப் பதில் 70 மி.மீ. போட்டால், அதே காற்று மெதுவாகக் கடக்கும். கணக்கில் கால்வாசிக்கு மேல் காணாமல் போகும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சமாளிக்கும். த்ராட்டில் திறப்புக்கும் காற்றுக் கணக்குக்கும் ஒட்டவே இல்லை என்றானதும் P0101 என்ற எரர் கோடு போட்டு, த்ராட்டிலைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். த்ராட்டில் பாடி பாவம், சொன்னதைச் செய்கிறது.

ஸ்கேனரில் LTFT பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பழகியிருக்கிறது என்ற எண் அது. ஒரு 1.6 லிட்டர் பெட்ரோல் காரில் ஐடிலில் +6, லோடில் 3000 ஆர்பிஎம்மில் +22, கூடவே காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்னும் P0171 கோடு. லோடு ஏற ஏற எண் ஏறினால் சென்சார் குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். ஐடிலில் அதிகமாக இருந்து ஆர்பிஎம் ஏறும்போது இறங்கினால், சென்சாருக்குப் பிறகு எங்கோ காற்று கசிகிறது; முதலில் ஹோஸ் கிளாம்பை இறுக்குங்கள். எரர் கோடை மட்டும் அழித்துவிட்டு டெலிவரி கொடுக்கும் மெக்கானிக் நண்பர்களே, அடுத்த மேடு ஏறும்போது அது திரும்ப வரும்.

அந்தக் காரில் பழைய ஏர்பாக்ஸ், பேப்பர் ஃபில்டர் திரும்பப் போனது. பைப்பின் உள்பக்க எண்ணெயைத் துடைத்து, இக்னிஷனை அணைத்து, சென்சாரைக் கழற்றி, ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைப் பத்துப் பதினைந்து முறை அடித்து, அரை மணி நேரம் காய விட்டார்கள். கார்பரேட்டர் கிளீனர் வேண்டாம். பிரேக் கிளீனரும் வேண்டாம். காது குடையும் பஞ்சுக்குச்சியால் தொடவே தொடாதீர்கள், கம்பி அறுந்துவிடும். கம்ப்ரஸர் காற்றும் கூடாது. பிறகு எரர் கோடையும் கம்ப்யூட்டரின் பழைய பழக்கத்தையும் அழித்து ஓட்டியதில் LTFT +3-க்குள் நின்றது.

ஸ்போர்ட் ஃபில்டர் இருந்தே ஆக வேண்டுமா? பழைய ஏர்பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் மாடலை வாங்குங்கள், சென்சார் பைப்பைத் தொடாதீர்கள். கழுவிய பின் முழுக்கக் காயட்டும். எண்ணெயை மடிப்புக்கு ஒரு கோடு மட்டும் விட்டு, ராத்திரி முழுக்க ஊற வைத்து, மறுநாள் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் அன்றைக்கு மாட்ட வேண்டாம், தயவுசெய்து.