ரீகன்சிலியேஷன்: நல்லிணக்கமா, சரிக்கட்டலா, ஒத்துப்பார்த்தலா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் ஓடும் பில்லிங் மென்பொருள் ஒன்றைத் தமிழுக்கு மாற்றினால், 'பணவரவு' பட்டியலின் கீழே 'நல்லிணக்கம்' என்று ஒரு பொத்தான் வருகிறது. அதை அழுத்தினால் 'நல்லிணக்கமற்ற பரிவர்த்தனைகள்: 3' என்று காட்டுகிறது. அந்த மூன்றும் யாரோடு சண்டை போட்டன என்று கேட்கத் தோன்றும்.

பிழை எங்கிருந்து வந்தது என்பது எளிது. 'ரீகன்சிலியேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'பிரிந்தவரை மீண்டும் சேர்த்துவைத்தல்' என்று பொருள். ஆங்கிலத்தில் அதே சொல், இரண்டு கணக்குகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கும் போனது. மொழிபெயர்த்தவர் அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

நான் சொல்லும் 'ஒத்துப்பார்த்தல்' என்ற சொல்லுக்கு உண்மையான போட்டி 'சரிக்கட்டல்' என்பதோடுதான். மேல்நிலைக் கணக்குப்பதிவியல் பாடநூலில் 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' இருக்கிறது. ஆனால் அதே பாடத்தில் அட்ஜஸ்ட்மென்டுக்கும் சரிக்கட்டுதான் சொல். ஒன்று பார்க்கிற வேலை, மற்றது மாற்றி எழுதுகிற வேலை. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் கல்லாவில் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

பில் 1187, தொகை 340 ரூபாய், நேந்திரங்காய் சிப்ஸ். 'யூபிஐ' என்று தேர்ந்தெடுத்ததும் திரையில் ஒரு கியூஆர் வருகிறது. அதற்குள் இருப்பது ஏறக்குறைய இதுதான்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai&tr=B1187A1&am=340.00&cu=INR
```

`am` தொகை. `tr` என்பது இந்த முயற்சிக்கு மென்பொருள் வைத்த அடையாளம். முதல் முறை பணம் வராமல் புதிதாக கியூஆர் எடுத்தால் அது B1187A2 ஆகவேண்டும். பில் ஒன்றுதான், முயற்சிகள் பல இருக்கலாம்.

வாடிக்கையாளர் ஸ்கேன் செய்கிறார். அவர் போனில் பச்சை டிக் விழுந்துவிட்டது. கடைத் திரையிலோ இன்னும் PENDING. வங்கிப் பக்கத்திலிருந்து வரவேண்டிய அறிவிப்பு, கடையின் இணையம் தடுமாறியதால் வந்து சேரவில்லை. "அண்ணே, பைசா கேறிட்டா பாருங்க" என்கிறார் அவர். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கல்லாவில் இருப்பவர் திரையை மூடி 'ரொக்கம்' என்று அழுத்தி பில்லை முடித்துவிடுகிறார். செய்யவேண்டியது 'நிலை அறிக' பொத்தானை அழுத்துவது. அது `tr` எண்ணை வைத்து, பணம் வந்ததா என்று மறுபடி கேட்கும். சத்தப்பெட்டி 340 என்று சொன்னாலும் போதாது. அது தொகையைச் சொல்லும், எந்தப் பில் என்று சொல்லாது.

இரவு கணக்கு முடிக்கும்போது ரொக்கத்தில் 340 குறைகிறது, யூபிஐயில் 340 கூடுகிறது. மொத்தம் சரியாக இருக்கிறது. 'சரிக்கட்டல்' என்று எழுதிய பொத்தானைப் பார்க்கிறவர் என்ன செய்வார்? ஒரு பற்று, ஒரு வரவு எழுதி இரண்டையும் பூஜ்யமாக்கிவிடுவார். சொல்லே அதைத்தானே செய்யச் சொல்கிறது! ஊர்ப் பேச்சில் ஆளைச் சரிக்கட்டுவதும் ஏறக்குறைய இதே வேலைதான். பில் 1187 ரொக்கமாகவே கிடக்கும். நாளை அந்த வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தால், யூபிஐயில் வந்த பணத்தைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒத்துப் பார்த்தால் கதை வேறு. பில்லில் சேராமல் நிற்கிற 340 ரூபாயின் `tr` B1187A1. அது எந்தப் பில்லின் பணம் என்று அதுவே சொல்கிறது. அந்தப் பில்லின் செலுத்துமுறையை ரொக்கத்திலிருந்து யூபிஐக்கு மாற்றினால் முடிந்தது. கூடுதல் பதிவு எதுவும் வேண்டாம்.

கவுன்டரில் ஒட்டிய நிலையான ஸ்டிக்கர் வழியாக வந்த பணத்துக்கு இந்த வசதி இல்லை. அதில் பில்லைக் குறிக்கும் `tr` கிடையாது. மென்பொருள் தொகையையும் நேரத்தையும் வைத்து ஊகிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு 340 ரூபாய் பில் இருந்தால் தப்பாகக் கோக்கும். அப்போது துணை, வாடிக்கையாளர் போனில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் மட்டுமே. அவர் படியிறங்குமுன் அதன் கடைசி நாலு இலக்கத்தைப் பில்லில் குறித்துக்கொண்டால் உண்டு.

சரிக்கட்டலுக்கும் இடம் இருக்கிறது. கார்டில் 2,000 ரூபாய் தேய்த்து, கட்டணம் 20 போக 1,980 வங்கியில் விழுந்தால், முதலில் அதைப் பில்லோடு ஒத்துப் பார்க்கவேண்டும். பிறகு அந்த 20 ரூபாயைச் செலவாக எழுதுவதுதான் சரிக்கட்டல். இரண்டு வேலை, இரண்டு சொல்.

'ஒத்துப்பார்த்தல்' புதிதாகக் காய்ச்சிய சொல் அல்ல. "கணக்கு ஒத்து வரல்ல" என்று எந்தக் கடையிலும் கேட்கலாம். 'ஒத்தவை', 'ஒத்துவராதவை' என்று பட்டியலுக்குத் தலைப்பும் தானாகக் கிடைக்கிறது. 'ஒத்திசைவு' வேண்டாம். அதை இரண்டு கணினிகளின் தரவைச் சமன்படுத்துவதற்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. 'டாலி ஆகல்ல' என்பவர்களிடமும் சண்டை இல்லை. பழைய இங்கிலாந்தில் கடனை ஒரு குச்சியில் வெட்டுக் குறிகளாகப் பதிந்து, குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டார்கள். தீர்க்கும்போது இரண்டு பாதியையும் சேர்த்துவைத்து வெட்டுகள் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். டாலி என்பது அந்தக் குச்சிதான். 'நல்லிணக்கம்' போட்டவர் அந்தக் கடைச்சொல்லையாவது தமிழெழுத்தில் விட்டிருக்கலாம்.