"நான் யாருக்கும் ஓடிபி சொல்லலைங்க"

வங்கியில் மோசடிப் புகார்களை விசாரிப்பது என் வேலை. திரைப் பகிர்வு ஆப் வழியாகப் பணத்தை இழந்தவர்களில் பலர் பேச்சைத் தொடங்குவதே "நான் யாருக்கும் ஓடிபி சொல்லலைங்க" என்றுதான். அவர்கள் சொல்வது உண்மை. சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். ரத்து செய்த ஆர்டருக்குப் பணம் திரும்ப வரவில்லை என்று ஒருவர் இணையத்தில் தேடி, ஒரு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைக்கிறார். அந்த எண் போலி. மறுமுனையில் இருப்பவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு சின்ன ஆப் போடுங்க சார், நானே சரி பண்ணித் தரேன்" என்கிறார். ஏனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற அந்த ஆப் அதிகாரப்பூர்வ ஸ்டோரிலேயே இருக்கிறது, நல்ல பெயரும் உண்டு. அலுவலகங்களில் கணினிப் பிரிவினர் தினமும் பயன்படுத்துவதுதான். அதனால் சந்தேகம் வருவதில்லை. ஆப் காட்டும் எண்ணை அழைத்தவர் வாசித்துச் சொல்கிறார், அப்புறம் திரையைப் பகிர அனுமதி கேட்கும் பெட்டியில் சம்மதம் கொடுக்கிறார்.

அடுத்து ஒரு படிவம் வருகிறது. பணம் எந்த கார்டுக்கு வர வேண்டும் என்று கேட்டு, கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்க மூன்று இலக்கம் எல்லாவற்றையும் நிரப்பச் சொல்கிறார்கள். வாயைத் திறந்து எதையும் சொல்லாததால் பாதுகாப்பாக இருப்பதாகவே தோன்றும். "பணம் வந்துருச்சான்னு உங்க ஆப்பைத் திறந்து பாருங்க" என்கிறார் அவர். திறந்ததும் இருப்பு எவ்வளவு என்று அவருக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் தன் கணினியில் அதே கார்டில் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்குகிறார். ஓடிபி நம் போனுக்கு வந்து, திரையின் மேல் விளிம்பில் சில நொடிகள் எட்டிப் பார்க்கிறது. அவருக்கு அது போதும்.

"பணம் அனுப்பும் ஆப்பில் திரைப் பிடிப்பே எடுக்க முடியாதே?" என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்வி. ஆண்ட்ராய்டில் FLAG_SECURE என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதைப் பயன்படுத்தும் பக்கம், பகிரப்படும் திரையில் வெறும் கறுப்பாகத் தெரியும். பல வங்கி ஆப்களில் பின் எண் போடும் பக்கம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது அந்த ஆப்பின் சொந்தப் பக்கத்தை மட்டுமே மறைக்கும். ஓடிபி அறிவிப்பைக் காட்டுவது வேறு ஆப். குறுஞ்செய்திப் பெட்டியும் வேறு ஆப். பூட்டிய அறைக்கு வெளியே சாவி தொங்குவது போலத்தான். ஆண்ட்ராய்டு 15 முதல் திரையைப் பகிரும்போது ஓடிபி அறிவிப்புகளை போனே மறைக்கப் பார்க்கிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் பழைய போன்களில் அது கிடையாது.

இதுவரை சொன்னது பார்ப்பது மட்டும். இதைவிட நான் அதிகம் பயப்படுவது அடுத்த அனுமதிக்கு. தொலைவிலிருந்து நம் திரையைத் தொட்டு இயக்க, ஆண்ட்ராய்டில் பெரும்பாலான ஆப்களுக்கு "அணுகல்தன்மை" சேவை தேவை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டவும், அவர்கள் சார்பில் பொத்தானை அழுத்தவும் உருவான வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் ஆப்பால் திரையிலுள்ள எழுத்துகளைப் படிக்க முடியும், விரல் வைக்காமலே பொத்தானை அழுத்த முடியும். படமாகப் பிடிப்பதைத் தடுக்கும் FLAG_SECURE இங்கே உதவாது, ஏனென்றால் இது படம் பிடிப்பதில்லை. ஸ்டோருக்கு வெளியிலிருந்து கோப்பாக அனுப்பப்படும் ஆப்கள் இந்த அனுமதியைக் கேட்டால் அதோடு அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஐபோனில் ஸ்டோரிலிருந்து இறக்கும் ஆப்களால் இப்படித் தொட்டு இயக்க முடியாது. ஆனாலும் திரையைப் பார்க்க முடியும். மேலே சொன்ன கதைக்குப் பார்ப்பதே போதுமானது.

பகிர்வு ஓடிக்கொண்டிருந்தால் திரையின் மேல் பட்டையில் ஒரு சின்னக் குறியோ, தொடர் அறிவிப்போ இருக்கும். திரை திடீரென்று கறுத்து "அப்டேட் ஆகிறது, தொடாதீர்கள்" என்று காட்டினால், அந்தத் திரைக்குப் பின்னால் யாரோ வேலை செய்துகொண்டிருக்கலாம்.

மாட்டிக்கொண்டதாகத் தெரிந்தால் ஆப்பை நீக்கும் முயற்சியில் நேரத்தை விடாதீர்கள். விமானப் பயன்முறையை இயக்குங்கள், வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பாருங்கள். திரை கட்டுப்படவில்லை என்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து போனையே அணைத்துவிடுங்கள். அடுத்து, வேறொரு போனிலிருந்து கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணில் வங்கியை அழைத்து, கார்டையும் வங்கி ஆப்பையும் முடக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பட்டியலைத் திறந்து, தெரியாத சேவையை அணைத்து, ஆப்பை நீக்க வேண்டும். நீக்க விடாமல் அமைப்புகள் பக்கம் தானாக மூடிக்கொண்டால், நாம் நிறுவிய ஆப்கள் இயங்காத பாதுகாப்பான பயன்முறையில் போனைத் தொடங்கி நீக்கிப் பாருங்கள். கடவுச்சொற்களையும் பின் எண்ணையும் வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். அந்த அழைப்பின் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தால், புகாரை விசாரிக்கும் எங்களுக்கு அது நேரடியாக உதவும்.