கோடு வெட்டியதும் டாலர் வாங்குகிறவர்களுக்கு

குன்னூரில் தேயிலை ஏற்றுமதி செய்கிறவர்களின் டாலர் கணக்கைப் பார்ப்பது என் வேலை. ஏலத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கப் பத்து முறை யோசிப்பவர்கள், சார்ட்டில் கடந்த சில நாள் விலையின் சராசரியைக் காட்டும் இரண்டு மூவிங் ஆவரேஜ் கோடுகள் வெட்டிக்கொண்டால் மட்டும் உடனே டாலர் ஃபியூச்சர்ஸ் வாங்கிவிடுகிறார்கள். போன வாரமும் ஒருவர் நஷ்டக் கணக்கோடு வந்தார்.

அவர் கதையை எண்களைக் கொஞ்சம் நேராக்கிச் சொல்கிறேன். 5 நாள் சராசரி, 20 நாள் சராசரி. டாலர் 83.00-க்கும் 83.40-க்கும் நடுவே தினம் 5 பைசா வீதம் எட்டு நாள் ஏறுகிறது, எட்டு நாள் இறங்குகிறது. ஏறத் தொடங்கி ஏழாம் நாள்தான் 5 நாள் கோடு மேலே வெட்டுகிறது. அப்போது விலை 83.35. மிச்சமிருக்கும் ஏற்றம் ஐந்தே பைசா! வாங்குகிறார். கோடு கீழே வெட்டும்போது விலை 83.05. விற்கிறார், 30 பைசா போச்சு. அதோடு நிற்காமல் விலை இறங்கும் என்று நம்பி, முதலில் விற்றுப் பிறகு வாங்கும் ஷார்ட்டும் போகிறார். மறுபடி 83.35-ல் வெட்டுகிறது, இன்னொரு 30 பைசா. ஒரு லாட் 1,000 டாலர். பத்து லாட்டுக்கு 16 நாளில் 6,000 ரூபாய், புரோக்கரேஜ் தனி.

"செட்டிங் தப்பு சார், 9-21 வைத்தால் சரியாகிடும்" என்றார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆகாதுங்க. 5 நாள் சராசரி காட்டுவது சுமார் இரண்டு நாள் பழைய விலையை, 20 நாள் சராசரி காட்டுவது ஒன்பதரை நாள் பழையதை. நாட்களைக் குறைத்தால் சின்னச் சின்ன அசைவுக்கெல்லாம் வெட்டும். கூட்டினால் இன்னும் தாமதமாக வெட்டும். எக்ஸ்போனென்ஷியல் வைத்தால் தாமதம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பழைய சார்ட்டுக்குப் பொருந்தும் எண்ணை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். அடுத்த அலையும் 16 நாள்தான் என்று டாலர் எழுதியா கொடுத்திருக்கிறது?

2022-ல் டாலர் 75-க்குக் கீழிருந்து அக்டோபரில் 83-ஐத் தாண்டியது. அந்த மாதிரி ஒரே பக்கம் போகும் வருடத்தில் கோடு வெட்டும் முறை சம்பாதித்துக் கொடுக்கும். யூடியூபில் காட்டுவதும் அந்தச் சார்ட்டைத்தான். ஆனால் ரூபாய் ரொம்ப ஆடாமல் இருக்க ரிசர்வ் வங்கியே டாலரை வாங்கி விற்கிறது, அதனால் மாதக்கணக்கில் குறுகிய பட்டைக்குள் நிற்பதும் உண்டு.

வாங்கும் முன் 20 நாள் கோட்டைப் பாருங்கள். அது படுத்துக் கிடந்து, விலை இருபக்கமும் போய்வந்து, முந்தைய வெட்டுகளும் ஏறக்குறைய இதே மட்டத்தில் விழுந்திருந்தால் கையை எடுத்துவிடுங்கள். விலைப் போக்கின் வலுவைக் காட்டும் ஏடிஎக்ஸ் 20-க்குக் கீழே இருப்பதும் அதையே சொல்லும், ஆனால் அதுவும் சராசரியால் ஆனது, தாமதமாகத்தான் சொல்லும்.

அப்புறம் ஒன்று. சரக்கு அனுப்பி டாலருக்குக் காத்திருக்கிறவர் ஏற்கெனவே டாலர் வைத்திருக்கிறவர்தான். அவர் ஃபியூச்சர்ஸும் வாங்கினால் ரிஸ்க் இரட்டிப்பாகிறது. 2024 மே முதல் எக்ஸ்சேஞ்சில் ரூபாய் சம்பந்தப்பட்ட கான்ட்ராக்ட் எடுக்க, அது ஈடுகட்டும் உண்மையான வரவோ செலவோ இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். தயவுசெய்து இன்வாய்ஸ் தேதியைப் பார்த்து, வரவேண்டிய டாலரில் ஒரு பங்கை இப்போதே விலை பேசி வங்கியில் ஃபார்வர்டாக விற்றுவையுங்கள்.